உங்களுக்குத் தெரியுமா? பெயரை மறுக்கும் பதிவேடுகள்

குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்பது வீட்டுக்குள் முடிகிற காரியம் என்றுதான் நாம் நினைக்கிறோம். பாட்டி பெயரா, குலதெய்வத்தின் பெயரா, நட்சத்திரத்துக்கு வந்த முதல் எழுத்தா என்ற பேச்சு முடிந்துவிட்டால், பிறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்தது. சில நாடுகளில் அதற்குப் பிறகுதான் கேள்வியே எழுகிறது. அரசு அந்தப் பெயரைப் படித்துப் பார்த்து 'இதைப் பதிய முடியாது' என்று சொல்லலாம். ஏன் சொல்கிறது? யார் சொல்கிறார்கள்? சொன்ன பிறகு அந்தக் குழந்தையின் நிலை என்ன? இந்த விஷயத்தில் மிக விரிவான விதிகள் வைத்திருக்கும் ஐஸ்லாந்தில் தொடங்கி, இன்னும் சில நாடுகளுக்கும் போய்வருவோம்.

1. இன்றைய பெயர், நாளைய கடைசிப் பெயர்

ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரோடு, சில வீடுகளில் அம்மாவின் பெயரோடு, மகன் என்றால் 'சன்' என்றும் மகள் என்றால் 'டோத்திர்' என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோத்திர். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் கடைசிப் பெயர் வேறாக இருக்கும். அச்சில் வந்த தொலைபேசி விவரப் புத்தகத்தில் ஆட்களை முதல் பெயரின் அகர வரிசையில்தான் அடுக்கினார்கள். அப்பா பெயரைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இந்த ஏற்பாடு எளிதில் புரியும்.

பெயரை மறுப்பதற்கான முதல் காரணமும் இங்கேதான் இருக்கிறது. 'யோன்ஸ்' என்றால் 'யோனுடைய' என்று பொருள். அதாவது, கடைசிப் பெயரைக் கட்டுவதற்கு அப்பாவின் பெயரோ அம்மாவின் பெயரோ உடைமைப் பொருளில், நம் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமை என்கிறோமே அந்த வடிவத்தில், மாறியாக வேண்டும். இன்று பிறந்த குழந்தைக்கு வைக்கிற பெயர், முப்பது ஆண்டுகள் கழித்து அதன் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயராகும். உடைமை உருபை ஏற்காத பெயரை அனுமதித்தால் அடுத்த தலைமுறையின் பெயர் அங்கே தட்டி நின்றுவிடும் என்பது ஐஸ்லாந்து அரசின் கவலை.

2. வேற்றுமை ஏற்காத பெயருக்கு இடமில்லை

ஐஸ்லாந்து மொழியில் நான்கு வேற்றுமைகள். ஒருவரைப் பற்றிப் பேசினாலும், அவரிடம் ஒன்றைக் கொடுத்தாலும், அவருடைய பொருளைக் குறிப்பிட்டாலும் பெயரின் உருவம் மாறிக்கொண்டே இருக்கும். நம் மொழியிலும் முருகனை, முருகனுக்கு, முருகனுடைய என்று மாற்றுகிறோம். ஆனால் முருகன் உள்ளே அப்படியே இருக்கிறான், உருபு மட்டும் வெளியே ஒட்டிக்கொள்கிறது. எந்த நாட்டுப் பெயர் வந்தாலும் தமிழ் அதற்கு ஓர் உருபை ஒட்டிவிடும். ஐஸ்லாந்து மொழி அப்படி இல்லை. அங்கே பெயரின் அடியே மாறலாம். எகில் என்ற பழைய ஆண் பெயரை எடுத்துக்கொள்வோம். 'எகிலுக்கு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது 'அக்லி' ஆகிவிடும். 'எகிலுடைய' என்பது 'எகில்ஸ்'. எகிலின் மகள் எகில்ஸ்டோத்திர்.

இப்படி வளைந்து கொடுக்கும் பெயர்களைப் பேசுகிறவர்கள் யோசிக்காமலே சரியாக மாற்றிவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சில பெயர்கள் எந்த வாய்பாட்டிலும் சேருவதில்லை. அப்படிப்பட்ட பெயரை வைத்தால் அதைச் சுற்றியுள்ள வாக்கியமே தடுமாறும் என்று மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். சுமார் நான்கு லட்சம் பேர் மட்டுமே வாழும் நாடு அது. மொழி கரைந்துபோகுமோ என்ற அச்சம் அங்கே வெறும் கற்பனை கிடையாது. இந்த விதிகளைக் கேலியாகப் பார்க்காமல், அந்த அச்சத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

3. மூன்று பேர் குழு, நான்கு வாரக் கெடு

பெயர்களைப் பரிசீலிப்பதற்கென்றே ஐஸ்லாந்தில் ஒரு குழு இருக்கிறது. 1991-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உருவாக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 1996-இல் நிறைவேறிய பெயர்ச் சட்டம். குழுவில் மூன்றே உறுப்பினர்கள். ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் மொழி, இலக்கியத் துறைகள் சார்பில் ஒருவர், சட்டத் துறை சார்பில் ஒருவர், மொழிக் கழகத்தின் சார்பில் ஒருவர் என்று அமைச்சர் நியமிக்கிறார். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள்.

பெற்றோர் செய்ய வேண்டியது இதுதான். குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் பெயரைப் பதிய வேண்டும். ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்று உண்டு. வைக்க நினைத்த பெயர் அதில் இருந்தால் எந்தக் கேள்வியும் இல்லை. இல்லாவிட்டால் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். குழு நான்கு வாரத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பார்ப்பவை நான்கு: பெயர் உடைமை உருபை ஏற்கிறதா, அல்லது நாட்டில் ஏற்கெனவே வேரூன்றிய பெயரா? மொழியின் அமைப்போடு மோதாமல் இருக்கிறதா? அந்நாட்டு எழுத்துமுறைப்படி எழுதப்பட்டிருக்கிறதா? அதைச் சுமப்பவருக்குத் தலைகுனிவைத் தருமா? அனுமதி கிடைத்தால் அந்தப் பெயர் பட்டியலில் சேர்ந்துவிடும். அடுத்து வருகிறவர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. நான்காவது கேள்வியில் தோற்ற பெயர்களில் ஒன்று லூசிஃபர். சாத்தானின் பெயர் என்று சொல்லி அதைக் குழு மறுத்திருக்கிறது.

4. கடவுச்சீட்டில் பெயர்: 'சிறுமி'

ஐஸ்லாந்து நெடுங்கணக்கில் 32 எழுத்துகள். ஆங்கிலத்தில் உள்ள சி, க்யூ, டபிள்யூ, இசட் ஆகியவை அதில் இல்லை. இந்த எழுத்துகளில் ஒன்று இருந்தாலே பெயருக்குச் சிக்கல் வரலாம்.

பிரிட்டனைச் சேர்ந்த தந்தைக்கும் ஐஸ்லாந்துத் தாய்க்கும் பிறந்த டங்கன், ஹேரியட் என்ற இரண்டு பிள்ளைகளின் பெயர்கள் ஏற்கப்படவில்லை. ஹேரியட் என்ற பெயர் ஐஸ்லாந்து மொழியில் வேற்றுமைக்கு வளையாது, டங்கன் என்ற பெயரில் 'சி' எழுத்து இருக்கிறது. அந்தக் குழந்தைகள் பல ஆண்டுகள் அரசு ஆவணங்களில் 'ட்ரெங்குர்', 'ஸ்டூல்கா' என்றே இருந்தார்கள். அவற்றுக்குச் சிறுவன், சிறுமி என்று பொருள். கடவுச்சீட்டிலும் அப்படியே. 2014-இல் சிறுமியின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போனபோது, ஏற்கத்தக்க பெயர் இல்லை என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். குடும்பம் பயணத்துக்குத் தயாராக இருந்த நேரம். பிரிட்டன் தூதரகம் அவசரக் கடவுச்சீட்டு கொடுத்துத்தான் அந்தப் பயணம் நடந்தது.

சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால், அவருடைய நாட்டில் வழங்கும் பெயர் ஒன்றை வைக்கலாம். ஆனால் கூடவே ஐஸ்லாந்து விதிக்கு ஒத்த இன்னொரு முதல் பெயரும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது பெயர் இல்லாததுதான் சிக்கலை உண்டாக்கியது. பெற்றோர் இருவருமே வெளிநாட்டவர் என்றால் தங்கள் நாட்டு வழக்கப்படி பெயரிடலாம்.

5. வேரூன்றிய பெயர் என்பதற்குக் கணக்கு உண்டு

விதிக்குப் பொருந்தாவிட்டாலும் நாட்டில் நெடுநாள் வழங்கி வரும் பெயர் என்றால் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது சட்டம். 'நெடுநாள்' என்பதை எப்படி அளப்பது? குழு இதற்கு ஒரு வாய்பாடு வைத்துக்கொண்டது. பல ஆண்டுகள் அது பின்பற்றிய முறை இது. அந்தப் பெயரோடு இன்று 15 ஐஸ்லாந்தியர்கள் வாழ்ந்தால் பெயர் வேரூன்றியதாகக் கொள்ளப்படும். 10 முதல் 14 பேர் என்றால் அவர்களில் மூத்தவருக்கு 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 5 முதல் 9 பேர் என்றால் மூத்தவருக்கு 60 வயது. அதற்கும் குறைந்தால் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள்.

ஆட்கள் குறையக் குறையப் பழமை கூட வேண்டும் என்ற இந்தத் தராசு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. புதிதாக வரும் பெயர் ஒவ்வொன்றும் முதல் குழந்தையிலேயே மறுக்கப்பட்டால், பதினைந்து பேர் எங்கிருந்து வருவார்கள்? வெளிநாட்டில் பிறந்து அந்தப் பெயரோடு குடியேறியவர்களும், பதிவேட்டின் கண்ணில் படாமல் பழைய காலத்தில் நுழைந்த பெயர்களும்தான் அந்த எண்ணிக்கையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயர்களுக்கு வாசல் அகலம், புதிய பெயர்களுக்குக் குறுகல்.

6. பதினைந்து வயதுவரை பெயரில்லாத மாணவி

இந்தச் சட்டத்தை உலகமே கவனிக்கச் செய்தவள் பிளைர் என்ற பெண். இளங்காற்று என்ற பொருளுள்ள பெயர். அவளுக்குத் திருமுழுக்குக் கொடுத்த பாதிரியாருக்கு, அந்தப் பெயர் பெண்களுக்கான பட்டியலில் இல்லை என்பது தெரியாது. ஐஸ்லாந்து மொழியில் அந்தச் சொல் ஆண்பால். ஆகவே பெண்ணுக்கு வைக்கக் கூடாது என்று குழு மறுத்தது. நோபல் பரிசு பெற்ற ஹால்டோர் லாக்ஸ்னெஸ் 1957-இல் எழுதிய நாவலில் இதே பெயரில் ஒரு பெண் பாத்திரம் வருகிறாள். 1973-இல் வேறொரு பெண்ணுக்கு இதே பெயரைப் பதியவும் அனுமதி கிடைத்திருந்தது. அதை வைத்துத்தான் அவளுடைய அம்மா துணிந்திருந்தார். குழு அசையவில்லை.

பள்ளியில் அவள் பிளைர், வீட்டில் பிளைர், அரசு ஏடுகளில் மட்டும் 'ஸ்டூல்கா', அதாவது சிறுமி. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை. கடைசியில் அம்மாவும் மகளும் அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஜனவரி 31 அன்று ரெய்க்யவிக் மாவட்ட நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவரின் பெயர் அவருடைய தனிவாழ்வின் பகுதி, அதைப் பறிக்க அரசுக்கு வலுவான காரணம் வேண்டும், மொழியைக் காப்பது என்ற பொதுக் காரணம் இந்த இடத்தில் போதாது என்பது அதன் சாரம். அவர்கள் கேட்ட இழப்பீட்டை மட்டும் நீதிமன்றம் தரவில்லை. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

தலைகுனிவிலிருந்து குழந்தையைக் காப்பதும் இந்தச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. பெயரே இல்லாமல் ஒரு பிள்ளையைப் பதினைந்து ஆண்டுகள் வளரவிடுவதைவிடப் பெரிய தலைகுனிவு எந்தப் பெயரில் வந்துவிடும்?

7. 2019-இல் விழுந்த சுவர்

பிளைர் வழக்கு ஒருத்திக்கு மட்டும் வாசல் திறந்தது. எல்லோருக்கும் திறந்தது 2019-இல் வந்த பாலினத் தன்னுரிமைச் சட்டம். பெண்ணுக்குப் பெண் பெயர், ஆணுக்கு ஆண் பெயர் என்ற கட்டாயத்தை அது நீக்கியது. அனுமதிக்கப்பட்ட எந்தப் பெயரையும் இப்போது யாரும் வைத்துக்கொள்ளலாம். ஆண், பெண் என்ற இரண்டு வகையிலும் சேராமல் பதிவு செய்துகொண்டவர்கள் கடைசிப் பெயரில் 'சன்', 'டோத்திர்' இரண்டும் இல்லாமல் 'பூர்' என்று முடிக்கவும் வழி பிறந்தது. பிள்ளை என்ற பொருளுள்ள பழைய சொல் அது.

மற்ற விதிகள் அப்படியே இருக்கின்றன. பெயர் இன்னும் வேற்றுமை ஏற்க வேண்டும், எழுத்துமுறைக்கு ஒத்துப்போக வேண்டும், குழுவும் இருக்கிறது. ஒரு காரணத்தை நீக்கியபோது மொழி நொறுங்கிவிடவில்லை என்பதை மட்டும் இந்த மாற்றம் காட்டியிருக்கிறது.

8. நியூசிலாந்தில் 'நீதியரசர்' என்று பெயர் வைக்க முடியாது

நியூசிலாந்தில் வேற்றுமைக் கவலையும் இல்லை, அனுமதிக்கப்பட்ட பெயர்ப் பட்டியலும் இல்லை. அங்கே அதிகமாக மறுக்கப்படுபவை பதவிப் பெயர்கள். 2001 முதல் 2013 வரையிலான மறுப்புகளின் பட்டியலை அரசு வெளியிட்டபோது முதலிடத்தில் நின்றது 'ஜஸ்டிஸ்'. 62 முறை மறுக்கப்பட்டிருந்தது. கிங், பிரின்ஸ், பிரின்சஸ் போன்றவை அடுத்தடுத்து வந்தன.

பெற்றோரின் மனதில் இருந்தது நீதி என்ற நல்ல குணம். ஆனால் அந்நாட்டு உயர் நீதிமன்ற நீதிபதிகளை விளிக்கும் பட்டமும் அதுவே. கடிதத்தின் அடியில் அந்தப் பெயர் கையெழுத்தாக நின்றால் படிக்கிறவர் ஏமாறலாம். போதிய காரணம் இல்லாமல் பட்டத்தையோ பதவியையோ போல ஒலிக்கும் பெயர் கூடாது என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அடுத்து வந்த சட்டமும் அதே வழியில்தான் போகிறது. இதோடு வேறு சில தடைகளும் உண்டு. சராசரி மனிதரைப் புண்படுத்தும் பெயர் கூடாது. தேவையில்லாமல் நீளக் கூடாது, இடைவெளியோடு சேர்த்து 70 எழுத்துகள்தான் எல்லை. எண்களும் குறியீடுகளும் கூடாது.

'போதிய காரணம் இல்லாமல்' என்ற சொற்களைக் கவனியுங்கள். பெற்றோர் விளக்கம் சொல்ல அந்தச் சட்டம் இடம் விடுகிறது. மறுக்கும் அலுவலகம் காரணத்தைக் கேட்கவும் வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு.

9. பதிவேடு தவறவிட்டால் நீதிமன்றம்

எல்லா மோசமான பெயர்களும் பதிவேட்டில் பிடிபடுவதில்லை. நியூசிலாந்தின் நியூ பிளிமத் நகரக் குடும்ப நீதிமன்றத்தில் 2008-இல் ஒரு வழக்கு நடந்தது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று பிரிந்த பெற்றோருக்கிடையே நடந்த வழக்கு அது. ஒன்பது வயதுச் சிறுமியின் பெயர் 'ஹவாயிலிருந்து வந்த தலூலா ஹூலா ஆடுகிறாள்' என்ற பொருளில் ஒரு முழு வாக்கியமாக இருந்ததை நீதிபதி ராப் மர்ஃபிட் கவனித்தார். தோழிகளிடம்கூட அவள் தன் பெயரைச் சொல்வதில்லை. 'கே' என்று மட்டும் கூப்பிடச் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெயர் அவளைக் கேலிப்பொருளாக்கி முடக்குகிறது என்று நீதிபதி கருதினார். பெயரை மாற்றுவதற்காகவே அவளைத் தற்காலிகமாக நீதிமன்றத்தின் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். புதிய பெயர் வெளியிடப்படவில்லை. பெயர் தாங்கத்தக்கதா என்று அறிய எந்த இலக்கண நூலையும்விடச் சிறந்த அடையாளம் இந்த வழக்கில் இருக்கிறது. அந்தப் பிள்ளை தன் பெயரைத் தானே ஒளிக்கத் தொடங்கியிருந்தது.

10. பிரான்ஸ்: முதலில் எழுது, பிறகு கேள்

பிரான்சில் 1803 ஏப்ரலில் வந்த சட்டப்படி, நாட்காட்டிகளில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்றில் வரும் பெயர்களையும் மட்டுமே குழந்தைக்கு வைக்க முடியும். புனிதர்களின் பெயர்களைத் தாண்டிப் போவது கடினம். காலப்போக்கில் பிடி தளர்ந்தது. 1993-இல் முறையையே தலைகீழாக மாற்றினார்கள்.

இப்போது பதிவாளருக்கு மறுக்கும் அதிகாரம் கிடையாது. பெற்றோர் சொன்ன பெயரை அவர் எழுதியே ஆக வேண்டும். அது குழந்தையின் நலனுக்கு எதிரானது என்று தோன்றினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம். அவர் ஒப்புக்கொண்டால் குடும்ப நீதிபதியிடம் கொண்டுபோவார். நீதிபதி பெயரை நீக்கச் சொல்லலாம். பெற்றோர் வேறு பெயர் தராவிட்டால் அவரே ஒன்றைச் சூட்டலாம். 2014-இல் வலென்சியன் நகர நீதிமன்றத்துக்கு நுட்டெல்லா என்ற பெயர் வந்தது. ரொட்டியில் தடவும் ஓர் இனிப்பின் வணிகப் பெயர் அது. பிள்ளை ஏளனத்துக்கு ஆளாகும் என்றார் நீதிபதி. பெற்றோர் விசாரணைக்கு வரவில்லை, அவரே 'எல்லா' என்று பெயரை மாற்றினார். அதே நீதிமன்றத்துக்கு 'ஃப்ரேஸ்' என்ற பெயரும் வந்தது. ஸ்ட்ராபெரிப் பழத்தைக் குறிக்கும் அந்தச் சொல் ஒரு கேலித் தொடரிலும் வழங்குகிறது. அதற்குப் பதிலாகப் பெற்றோர் 'ஃப்ரேசீன்' என்ற பழைய பெயரைத் தேர்ந்தார்கள்.

இந்த முறையின் சிறப்பு என்னவென்றால், வழக்கு நடக்கும்போதும் குழந்தைக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஐஸ்லாந்தில் பிளைருக்கு நேர்ந்தது இங்கே நேராது.

11. ஜப்பானில் எழுத்து சரி, பொருள் தவறு

ஜப்பானில் பெயருக்குப் பயன்படுத்தத்தக்க சித்திர எழுத்துகளை அரசு வரையறுத்து வைத்திருக்கிறது. சுமார் 3000 எழுத்துகள். இவற்றோடு இரண்டு வகை ஒலியெழுத்துகளும் உண்டு. 1993-இல் தோக்கியோ பெருநகரப் பகுதியில் உள்ள அகிஷிமா நகரில் ஒரு தந்தை தன் மகனுக்கு 'அகுமா' என்று பெயர் கொடுத்தார். பேய் என்று பொருள். அதிலுள்ள இரண்டு எழுத்துகளும் அனுமதிப் பட்டியலில் இருந்ததால் நகராட்சி முதலில் ஏற்றுக்கொண்டது. பிறகு மேலிடத்தில் விசாரித்துப் பெயரை நீக்கியது. தந்தை நீதிமன்றம் போனார்.

1994-இல் வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. இப்படிப் பெயரிடுவது பெயரிடும் உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்றது நீதிமன்றம். ஆனால் ஒருமுறை ஏற்றுக்கொண்ட பெயரை அலுவலகம் தானாக அழிக்கவும் கூடாது என்றது. கடைசியில் குடும்பமே வேறு பெயரைக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

பட்டியலில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஓர் எழுத்தை எப்படி ஒலிப்பது என்பதற்கு நெடுங்காலம் கட்டுப்பாடே இல்லை. 2025 மே 26 முதல் பெயரின் ஒலிப்பையும் குடும்பப் பதிவேட்டில் எழுத வேண்டும், அது பொதுவாக ஏற்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். 'உயரம்' என்ற எழுத்தை எழுதிவிட்டு 'தாழ்வு' என்று படிப்பது இனி ஏற்கப்படாது.

12. ஜெர்மனியின் விதியை மாற்றிய இந்தியப் பெயர்

முதல் பெயரைப் பார்த்தாலே ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்பது ஜெர்மனியில் பதிவாளர்கள் வழக்கமாகக் கடைப்பிடித்த விதி. இந்திய வேர்கள் கொண்ட ஒரு குடும்பம் தங்கள் மகளுக்குக் 'கிரண்' என்று பெயரிட்டது. நம் நாட்டில் அந்தப் பெயர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பால் தெளிவாகத் தெரியும் இரண்டாவது பெயர் ஒன்று வேண்டும் என்றார் பதிவாளர். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கமே நின்றன.

வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2008 டிசம்பர் 5 அன்று அது சொன்னது: பெயர் பாலைக் காட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெற்றோரின் உரிமைக்கு ஒரே எல்லை குழந்தையின் நலன். கிரண் என்ற பெயரால் அந்த நலன் கெடவில்லை. வழக்கமாகச் செய்கிறோம் என்பதற்காக ஓர் அலுவலகம் கேட்கும் நிபந்தனைக்குச் சட்டத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்தச் சின்னப் பெயர் விட்டுச்சென்ற பாடம்.

13. நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட பெயர்ப் பட்டியல் எதுவும் இல்லை. பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதிந்துகொள்ளலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டுகள் வரை சேர்க்கலாம். பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழைப் பெட்டியில் வைத்து மறந்துவிட்டுப் பள்ளி இறுதி வகுப்பில் தேடுகிறவர்கள் இந்தக் கெடுவை நினைவில் கொள்வது நல்லது.

வெளிநாட்டில் குழந்தை பிறக்கும் தமிழ்க் குடும்பங்கள் மூன்று விஷயங்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட பெயர்ப் பட்டியல் உண்டா? பெற்றோரின் குடியுரிமையைப் பொறுத்து விலக்கு உண்டா? மறுத்தால் முடிவு சொல்கிறவர் பதிவாளரா, குழுவா, நீதிபதியா? பெயர் நம் ஊரில் வழக்கில் உள்ளது என்று காட்டும் சான்று கையில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, பிறந்த உடனே பதிவு, பிறந்த நாள்முதல் பெயர் ஆகிய இரண்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. பேய் என்றும் லூசிஃபர் என்றும் வைப்பதை ஓர் அரசு தடுக்கட்டும், அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவி. ஆனால் மறுக்கிற எந்தச் சட்டமும், மறுப்பு தீரும்வரை அந்தப் பிள்ளையை எந்தப் பெயரில் அழைப்பது என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். பிரான்ஸ் அந்தப் பதிலை 1993-லேயே எழுதி வைத்துவிட்டது. மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றலாம்.